விடுதி வார்டனுக்கு அலர்ஜி கடிதம்: என்ன எழுதுவது? அவசரம்

ராணிப்பேட்டை அம்மா: பர்மிங்காம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்று ராத்திரி பையனுக்கு மெஸ் சாப்பாட்டில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. வார்டன் "எழுத்துல குடுங்கம்மா" என்கிறார். கை ஓடவில்லை. மாதிரி கடிதம் யாரிடமாவது இருக்கிறதா?

பனிக்காட்டான்: பயப்படாதீர்கள். பர்மிங்காம் விடுதியில் சேரும்போதே அலர்ஜி படிவம் வாங்கியிருப்பார்கள். நான் டொரண்டோ வந்த முதல் இரண்டு மாதம் ரொட்டியும் ஜாமும்தான். ஜன்னல் ஓரம் தயிர் உறைய வைத்தால் கட்டியே ஆகாது...

ராணிப்பேட்டை அம்மா: அண்ணா, பையன் இங்கே இல்லை. காட்பாடி பக்கம் ஒரு கல்லூரி, முதல் வருடம்.

குடியாத்தம் நர்ஸ்: அக்கா, எது ஒத்துக்காது என்றே நீங்கள் சொல்லவில்லை. முன்னால் மூச்சுத் திணறியதா? வீசிங் உண்டா? அட்ரினலின் ஊசி வைத்திருக்கிறானா?

ராணிப்பேட்டை அம்மா: வேர்க்கடலை. ஏழாம் வகுப்பில் ஒரு தடவை மூச்சு வாங்கி ஐசியூவில் வைத்தோம். இன்ஹேலர் உண்டு. ஊசி இல்லை. "கடலை ஆகாது" என்று மெஸ்ஸில் சேரும்போதே சொன்னோமே!

வாலாஜா மாமா: எதற்கு இத்தனை கலவரம்? அவில் ஒன்று போட்டால் அரை மணியில் அடங்கிவிடும். கடிதம் கொடுத்தால் "பொறுப்பு எங்களுக்கில்லை" என்று வெளியே தங்கச் சொல்வார்கள்.

குடியாத்தம் நர்ஸ்: மாமா, வெறும் தடிப்புக்கு அவில் சரி. மூச்சுக்கும் பிரஷர் இறங்குவதற்கும் அது நிற்காது, அங்கே அட்ரினலின்தான். மாத்திரை கேட்குமா என்று காத்திருந்த அந்த அரை மணியில்தான் பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள். வீசிங் உள்ளவனுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

அக்கா, "கடலை" என்றால் மெஸ்காரர் பொட்டுக்கடலை என்று நினைத்திருப்பார். நம்ம ஊரில் அது மல்லாட்டை. அந்தச் சொல்லையே எழுதுங்கள். இட்லிக்குச் சட்டினி அரைக்கிற ஜார், கரண்டி, புளிசாதத் தாளிப்பு, கடலைமிட்டாய் எல்லாமே கணக்கு.

ஆம்பூர் சிவா: எங்கள் மெஸ்ஸில் மூன்று வருடம் ஒரே சாம்பார். ஜாரைக் கழுவினால் அதிசயம்.

பனிக்காட்டான்: அதுவாவது சாம்பார். இங்கே அதுவும் இல்லை.

வாலாஜா மாமா: கடலெண்ணெய் விட்டுப்போச்சே. அதுவும் ஆகாதா?

குடியாத்தம் நர்ஸ்: நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்ளும். செக்கெண்ணெயில் புரதம் தங்கும். இவனுக்கு எப்படி என்று அவனைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லணும். அதுவரை இரண்டும் வேண்டாம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். ஒரே பக்கம், தமிழில், மேலே போட்டோ:

> ஐயா, என் மகனுக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) சிறிதளவும் ஆகாது. பொட்டுக்கடலை ஒத்துக்கொள்ளும். அவனுக்கு மல்லாட்டை படாத ஜாரில் அரைத்ததை, தனிக் கரண்டியில் தரவும்.
>
> வெறும் தடிப்பு என்றால் டாக்டர் எழுதிய மாத்திரை தந்து, தனியே விடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்கவும். குரல் கம்மினால், மூச்சு திணறினால், தலை சுற்றி விழுந்தால், உடனே தொடையின் வெளிப்பக்கம் அட்ரினலின் ஊசி. பிறகு 108. படுக்க வைத்துக் காலை உயர்த்தவும். மூச்சு முட்டினால் உட்காரலாம். எழுந்து நடக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி.
>
> எங்களைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம். சிகிச்சைக்குச் சம்மதிக்கிறோம். இரவிலும் கேட்டைத் திறந்து வண்டியை விடவும். உள்ளூர்ப் பொறுப்பாளர் எண்: ______

டாக்டரின் கையெழுத்தும் சீலும் கீழே இருக்கணும். ஒரு நகல் மெஸ் சுவரில், ஒன்று வாட்ச்மேனிடம், ஒன்று ரூம்மேட்டிடம். நீங்கள் தூங்குகிற நேரத்தில் அங்கே காலை டிபன் ஓடும். அதனால் உள்ளூர் ஆள் கட்டாயம் வேண்டும்.

ராணிப்பேட்டை அம்மா: ஊசியை இங்கிருந்து வாங்கி அனுப்பட்டுமா?

குடியாத்தம் நர்ஸ்: பையனைப் பார்க்காத டாக்டர் எழுதித் தர மாட்டார். அழுத்தினால் போகிற பேனா வகை நம்ம ஊர் மருந்துக்கடையில் அரிது. மருந்துக்குப்பியும் சிரிஞ்சும் கிடைக்கும், ஆனால் அளவை டாக்டர் எழுதி, பையனுக்கும் ரூம்மேட்டுக்கும் போட்டுக் காட்டணும். சிஎம்சியில் அலர்ஜி பார்க்கிற டாக்டரிடம் இதையே கேளுங்கள். எப்போதும் இரண்டு டோஸ், அவன் பையிலேயே. ஃபிரிட்ஜில் வேண்டாம், மே மாத வெயிலில் பைக் பெட்டியிலும் வேண்டாம்.

ராணிப்பேட்டை அம்மா: இன்று என் தம்பி ராணிப்பேட்டையிலிருந்து கடிதத்தோடு நேரில் போனான். மெஸ் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "கடலை ஆகாதுன்னாங்க, அதான் பொட்டுக்கடலைய நிறுத்திட்டு மல்லாட்டை அரைச்சேன்." கேட் விஷயத்துக்கு வார்டன் ஒத்துக்கொண்டார். ஊசி மட்டும் "நான் போட மாட்டேன், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்றது" என்கிறார்.

ஆம்பூர் சிவா: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கே அக்கா.

குடியாத்தம் நர்ஸ்: அவர் போட வேண்டாம். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ரூம்மேட் ஊருக்குப் போகிற வாரக் கடைசியில் யார் போடுவார்கள் என்று மட்டும் பையனைக் கேளுங்கள்.

ராணிப்பேட்டை அம்மா: கேட்டேன். யோசிக்கிறான்.