இழை எடுக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டோம்

கல்லல்காரன்:

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. நான் நகரத்தார் வீட்டுப் பையன், மனைவி சருகணிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். இப்போது எங்கள் உறவிலேயே இரண்டு பிள்ளைகள் வேறு மதத்தில் கட்டப்போகிறார்கள். இரண்டு பேரும் என்னிடம் கேட்பது, "பெரியவர்களிடம் என்ன கேட்பது, யாரிடம் முதலில் கேட்பது?" என்பதுதான். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

நாங்கள் முதலில் போனது பங்குத்தந்தையிடம். நான் பயந்துபோய்க் கேட்ட முதல் கேள்வி: "ஃபாதர், நான் ஞானஸ்நானம் எடுக்கணுமா?" அவர் சிரித்தார். "கல்யாணத்துக்காக எடுத்தால் நானே வேண்டாம்பேன்" என்றார். நான் இந்துவாகவே இருந்துகொண்டு கோயிலில் (அவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்) தாலி கட்டலாம். அதற்கு சிவகங்கை ஆயரிடமிருந்து விலக்கு அனுமதி வாங்க வேண்டும். அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எழுதி வாங்கச் சொன்னார்கள், வீட்டுப் பெட்டியில் இருந்த பழையது செல்லாது. எனக்கு வேறு கல்யாணம் ஆகவில்லை என்று என்னை அறிந்த இரண்டு பேர் சொல்ல வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு இரண்டு பேரும் போனோம். மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசித்தார்கள். என் அப்பச்சி, அதாவது அப்பா பேர் பூசையில் வாசிக்கப்பட்டது என்று தெரிந்ததும் வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

குழந்தைகள் விஷயம் அங்கேதான் வந்தது. தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். என்னிடம் அப்படி வாக்குக் கேட்கவில்லை. அவள் இப்படிச் சொல்லியிருக்கிறாள், அது எனக்குத் தெரியும் என்பதற்குத்தான் என் கையெழுத்து. இந்த வித்தியாசத்தை என் பெரியப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அவர் இன்றைக்கும் "பிள்ளையை எழுதிக் கொடுத்துட்டான்" என்றுதான் சொல்கிறார்.

வீட்டுப் பக்கம் கேள்வி வேறு. யாரும் சாமியைப் பற்றிக் கேட்கவில்லை. "கோயில் மாலை வருமா?" என்றுதான் கேட்டார்கள். நகரத்தாரின் ஒன்பது கோயிலில் நாம் எந்தக் கோயிலோ அங்கே பாக்கு வைத்து, மாலை வந்து, கோயில் கணக்கில் தனிக் குடும்பமாக ஒரு புள்ளி ஆனால்தான் அது கல்யாணம். எங்களுக்கு மாலை வரவில்லை. இன்றுவரை என் பேரில் புள்ளி கிடையாது. சாமி கும்பிடப் போனால் யாரும் தடுப்பதில்லை. ஆனால் புள்ளி வரி கட்ட என் தம்பி பேரைக் கூப்பிடும்போது நான் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பேன்.

தேவகோட்டை ரஸ்தா:

அண்ணே, வீட்டில் நம் வழக்கப்படி தாலியான கழுத்துருவைப் போட்டுத் திருப்பூட்டவில்லையா? என் தங்கைக்கு இரண்டும் செய்தோம். காலையில் சர்ச், மறுநாள் வீட்டில்.

கல்லல்காரன்:

அதையும் கேட்டோம். "சம்மதம் ஒரு தடவைதான். அதற்கு முன்னாலேயோ பின்னாலேயோ இன்னொரு சடங்கில் மறுபடி மாப்பிள்ளை, பெண்ணாக உட்காரக் கூடாது. பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ணட்டும், விருந்து வையுங்கள்" என்றார் ஃபாதர். ஆகவே தாலி சர்ச்சில் ஏறியது. சாயங்காலம் வீட்டில் அப்பத்தா தன் கழுத்துருவை எடுத்து வந்து, மந்திரமும் இல்லாமல் மேளமும் இல்லாமல், நகை போட்டுவிடுகிற மாதிரி போட்டுவிட்டது. எல்லோரும் திருநீறு பூசினார்கள். மனைவி நெற்றியைக் காட்டவில்லை, கையை நீட்டினாள். அப்பத்தா ஒரு வினாடி பார்த்துவிட்டு உள்ளங்கையில் வைத்தது.

பழைய பத்திரம்:

நான் பத்திரம் எழுதி முப்பது வருஷம் ஓட்டியவன். ஒன்று சொல்லவேண்டும். எல்லோரும் ஐயரையும் ஃபாதரையும் கேட்கிறீர்கள். எந்தச் சடங்கு சட்டப்படி கல்யாணம் என்பதை யாரும் கேட்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு ஜோடி: பையன் கத்தோலிக்கன், பெண் இந்து. ஊருக்கு வெளியே ஒரு முருகன் கோயிலில் தாலி கட்டி, இரண்டு பேரையும் இந்து என்று எழுதி, இந்து திருமணச் சட்டத்தில் பதிவு வாங்கிவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து வெளிநாட்டு விசாவுக்குப் போனபோது பையனின் ஞானஸ்நானப் பேரும் கல்யாணச் சான்றிதழும் ஒட்டவில்லை. இந்து திருமணச் சட்டம் இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான். ஒருவர் கிறிஸ்தவராக இருந்துகொண்டே கட்டியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிறகு அவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். கையில் நாலு வயசுப் பிள்ளை.

கல்லல்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி சர்ச்சில் கட்டலாம். பிறகு சார்பதிவாளரிடமும் பதிந்திருப்பார், தமிழ்நாட்டில் 2009 சட்டத்துக்கு அப்புறம் எல்லாக் கல்யாணத்தையும் பதியவேண்டும்.

மானகிரி மச்சான்:

சிறப்புத் திருமணச் சட்டமா? அதில் கட்டினால் பூர்வீகச் சொத்தில் பங்கு போய்விடும். எங்கள் வளவில், அதாவது பங்காளிகள் சேர்ந்த பூர்வீக வீட்டில், ஒருத்தனுக்கு அப்படித்தான் அறையைப் பூட்டிவிட்டார்கள். எதற்கும் ஜாக்கிரதை.

பழைய பத்திரம்:

பாதி சரி மச்சான். கூட்டுக் குடும்பத்து இந்து, மதம் மாறாமலே, வேறு மதத்தவரை அந்தச் சட்டத்தில் கட்டினால் அன்றைக்கே குடும்பத்திலிருந்து பிரிந்தவன் ஆகிறான். 19-ஆம் பிரிவு அது. பிரிந்தவன் என்றால் பங்கு இழந்தவன் இல்லை, பங்கு தனியாகக் கணக்கான ஆள். அவன் பங்கு அவனுக்கே. அவனுக்குப் பின்னால் அது யாருக்குப் போகும் என்பதைத்தான் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். அறையைப் பூட்டினது சட்டம் இல்லை, பங்காளிகள். பதினாறு பங்காளி இருக்கிற வீட்டில் அவன் வழக்குப் போட்டிருந்தால் திறந்திருக்கும், ஆனால் வழக்கு முடிவதற்குள் கூரை ஓடு விழுந்திருக்கும். அது வேறு கதை.

மானகிரி மச்சான்:

அவன் வழக்குப் போடவில்லை. சென்னையில் இருக்கிறான். பூட்டு அப்படியே கிடக்கிறது.

இளையாத்தங்குடி 7:

வணக்கம். எனக்குப் பார்த்திருக்கும் பெண்ணும் எங்கள் கோயில்தான், ஆனால் பிரிவு வேறு. கட்டலாமா? பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, இது வேறு மதத்தில் கட்டுவது பற்றிய பேச்சு. உங்களுக்குக் கோயில் காரியக்காரர்தான் சொல்லணும். (என்றாலும் எங்கள் ஐயா இருந்தால் இந்தக் கேள்விக்கும் இதே முகத்தைத்தான் காட்டியிருப்பார்.)

புதுவயல் பேத்தி:

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். நாங்கள் ராவுத்தர். சித்தப்பா மகன் கேரளத்தில் வேலை பார்க்கும்போது ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டினான். எங்கள் பாட்டி, நன்னி, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டது: "இஸ்லாத்துக்கு வர அந்தப் பிள்ளை கலிமா சொல்லணுமா?" வேதம் கொடுக்கப்பட்டவர்களின் பெண்ணை முஸ்லிம் ஆண் அவள் மதத்திலேயே வைத்துக் கட்டலாம், குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்தில் இருக்கிறது என்றார். மஹர் பேசி நிக்காஹ் ஓதினார்கள். இந்துப் பெண்ணாக இருந்தால் கலிமா சொல்லாமல் அவர் ஓதமாட்டார். அதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷத்தில் என் அக்கா ஒரு இந்துப் பையனைக் கட்ட வேண்டும் என்றாள். அதே ஹஜ்ரத், அதே முற்றம். பெண் வெளியே கட்ட எந்த வழியும் இல்லை, அவர் இஸ்லாத்துக்கு வரட்டும் என்றார். அக்கா கேட்டது ஒன்றுதான்: "அவனுக்கு இருக்கிற வழி எனக்கு ஏன் இல்லை?" பிள்ளை தகப்பன் வழி போகும், வேதப் பெண்ணைக் கட்டினாலும் வீடு முஸ்லிம் வீடாகவே இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அக்கா ஏற்கவில்லை. நானும் இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் கோபமில்லாமல் சொன்னார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் மனுக் கொடுத்தார்கள். முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் தொங்கியது. அலுவலகத்துக்கு வேறு வேலையாகப் போன யாரோ அதைப் போட்டோ எடுத்து எங்கள் தெரு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அப்படித்தான் தெரிந்தது. எனவே கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று: அந்த முப்பது நாளுக்கு முன்னால் நீங்களே வீட்டில் சொல்லிவிடுங்கள். பலகையிலிருந்து தெரிவது மோசம். முப்பது நாள் முடிந்து மூன்று சாட்சியோடு கையெழுத்துப் போட்டாள். அத்தா வரவில்லை. நன்னி ஆட்டோ பிடித்து வந்தது.

தேவகோட்டை ரஸ்தா:

எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. நண்பன் ஒருவனிடம் அவன் சபையின் ஐயர், "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற வசனத்தைக் காட்டிப் பெண் ஞானஸ்நானம் எடுத்தால்தான் என்றார். அவன் அவிசுவாசியான மனைவியும் புருஷனால் பரிசுத்தமாகிறாள் என்று பவுல் சொன்னதைத் திருப்பிக் காட்டினான். அது ஏற்கெனவே கட்டியவர்களுக்குச் சொன்னது என்று ஐயர் முடித்துவிட்டார். கத்தோலிக்கர்களுக்கு ஆயர் அனுமதி ஒரே வழி, இவர்களிடம் சபைக்குச் சபை வேறு. கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

புதுவயல் பேத்தி:

கல்லல் அண்ணே, தலைப்பில் இழை என்று போட்டுவிட்டு அதைச் சொல்லவே இல்லையே.

கல்லல்காரன்:

மன்னிக்கணும், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

கல்யாணமான முதல் வருஷம் பிள்ளையார் நோன்பு வந்தது. திருக்கார்த்திகைக்கு இருபத்தோராம் நாள். கோடித் துணியிலிருந்து இருபத்தோரு இழை எடுத்துத் திரித்து, இனிப்பு மாவில் வைத்துப் பற்றவைத்து, வீட்டுப் பெரியவர் கையால் வாங்கி நெருப்போடு வாயில் போட்டுக்கொள்வோம். வீட்டில் யார் யார் நம்மவர் என்பதற்கு இதைவிட வெளிப்படையான நாள் கிடையாது. ஊரில் இல்லாத பிள்ளைகளுக்குக்கூட ஆள் வைத்து எடுப்பார்கள்.

மனைவி ஒரு வாரம் முன்னாலேயே ஃபாதரிடம் போய்விட்டாள். நானும் கூடப் போனேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "பிள்ளையாருக்குப் படைத்ததா?" என்றார். ஆமாம் என்றோம். "அப்போ நீ வணங்கி வாங்குகிறாய் என்றுதானே அங்கே இருக்கிறவர்கள் நினைப்பார்கள்? அதை நீயும் நினைக்கிறாயா?" என்றார். அவள் இல்லை என்றாள். "அப்போ அதை அவர்களிடம் சொல்லு. சொல்லிவிட்டுச் சாப்பிட முடிந்தால் சாப்பிடு." அதற்கடுத்து வந்த ஃபாதரிடம் கேட்டிருந்தால் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார், அவரைப் பிறகு அறிந்தேன்.

அவள் அப்பத்தாவிடம் சொன்னாள். நான் பட்டாலையில் தூண் மறைவில் நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்பத்தா கேட்டது: "உனக்கு நெருப்புப் பயமா, சாமிப் பயமா?" "சாமிதான் அப்பத்தா." "அது சரி." இரவில் ஒவ்வொருவராக வாங்கினோம். அவள் முறை வந்ததும் அப்பத்தா அந்த மாவில் இருந்த திரியை உருவி விளக்குத் தட்டில் போட்டுவிட்டு, வெறும் மாவைக் கையில் கொடுத்தது. அது பத்து வருஷமாக அப்படியே நடக்கிறது. போன வருஷம் அப்பத்தா காலமான பிறகு அம்மா எடுத்துக் கொடுத்தார்கள், அவர்களும் திரியை உருவினார்கள்.

இப்போது பிரச்சினை மகள். எட்டு வயது. ஞானஸ்நானம் ஆயிற்று, வருகிற வருஷம் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு வகுப்பு. அவளுக்குத் திரியோடுதான் வேண்டுமாம். "அப்பாவுக்கு மட்டும் நெருப்பா?" என்கிறாள். இதை எந்தப் பெரியவரிடம் கேட்பது என்று எங்களுக்கே தெரியவில்லை.

பழைய பத்திரம்:

அதோடு இன்னொன்றையும் வக்கீலிடம் கேளுங்கள். அப்பச்சி இருக்கும்போதே உங்கள் பங்கையும் பேத்தி பேரையும் உயிலில் தெளிவாக எழுதிவிடச் சொல்லுங்கள். நாளைக்குப் பங்காளிகள் பேத்தி இந்துவா இல்லையா என்று ஆரம்பித்தால் அதற்கு ஒரு தாளில் பதில் இருக்கட்டும்.

கல்லல்காரன்:

சொன்னேன். "அவ எடுக்கிற இழையைப் பார்த்துட்டு எழுதறேன்" என்கிறார்.