அம்மாவின் கணக்கில் பென்ஷன் ஏறுகிறது, எடுக்க முடியவில்லை. ரீ-கேஒய்சி தவறியதாலா?

சாத்தூர்க்காரி: அம்மாவின் குடும்பப் பென்ஷன் வரும் சேமிப்புக் கணக்கு, 2014 நவம்பரில் திறந்தது. 2026 ஜனவரி 1 அன்று பென்ஷன் ஏறிவிட்டது. 3ஆம் தேதி ஏடிஎம்மில் பணம் வரவில்லை, யுபிஐயும் போகவில்லை. 5ஆம் தேதி காப்பீட்டு பிரீமியத் தானியங்கிப் பிடித்தமும் திரும்பிவிட்டது. கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி குறுஞ்செய்தி வந்திருக்கலாம், ஆனால் அம்மாவின் பழைய சிம் இப்போது இல்லை. எதெல்லாம் முடங்கியிருக்கிறது என்று எங்கே பார்ப்பது?

தென்காசி_மணி: டார்மண்ட் ஆகியிருக்கும் அக்கா. ரெண்டு வருஷம் நாமாக எதுவும் செய்யாமல் விட்டால் அப்படித்தான் ஆகும்.

சாத்தூர்க்காரி: அம்மா மாசாமாசம் ஏடிஎம்மில் எடுக்கிறாரே தம்பி.

பழைய கவுன்ட்டர்: (22 வருடம் வங்கியில் இருந்தவன்) மணி சொன்ன ரெண்டு வருஷக் கணக்கு சரி, இந்த நோய் வேறு. யுபிஐ தோல்விச் செய்தியில் கோடு ஏதாவது தெரிகிறதா பாருங்கள். அனுப்புபவர் கணக்கு டார்மண்ட் என்றால் `ZX`, முடக்கப்பட்டிருந்தால் `YE`.

சாத்தூர்க்காரி: `YE` சார்.

பழைய கவுன்ட்டர்: அப்படியானால் டெபிட் ஃப்ரீஸ். வருவது வரும், போவது மட்டும் நிற்கும். பென்ஷன் ஏறியதும் பிரீமியம் திரும்பியதும் அதனால்தான். ஏடிஎம், யுபிஐ, காசோலை, தானியங்கிப் பிடித்தம் எல்லாமே ‘போவது’தான். கணக்கில் இருக்கும் பணத்துக்கு வட்டி வழக்கம்போல் சேரும். ஆனால் `YE` காரணத்தைச் சொல்லாது. நீதிமன்ற உத்தரவு, சைபர் கிரைம் புகார் என்றாலும் இதே கோடுதான் வரும். நெட் பேங்கிங் இருந்தால் சுயவிவரப் பகுதியில் கேஒய்சி கெடு தேதி இருக்கிறதா பாருங்கள். பாஸ்புக்கில் தெரியாது. இல்லாவிட்டால் கிளையில், “என்ன ஃப்ரீஸ், என்ன காரணம், எந்தத் தேதியிலிருந்து?” என்று மூன்றையும் கேளுங்கள். அவர்கள் திரையில் மூன்றும் தெரியும்.

தோஹா_ராஜா: எனக்கும் இதே பிரச்சினை, என்ஆர்இ கணக்கு. ஊருக்கு வராமல் முடிக்க வழி உண்டா?

பழைய கவுன்ட்டர்: இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ சான்றிட்ட நகலை ஏற்க விதியில் இடம் இருக்கிறது. உங்கள் வங்கி கூரியரில் வாங்குமா என்று முதலில் மெயில் போட்டுக் கேளுங்கள் தம்பி.

நூலக வாசல்: ஒரு சந்தேகம். குறைந்த ஆபத்துப் பிரிவு வாடிக்கையாளர்களுக்கு அவகாசம் கொடுத்து ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 12 அன்று உத்தரவு போட்டதே? கெடு முடிந்து ஒரு வருடம், அல்லது 2026 ஜூன் 30, எது பிந்தியதோ அதுவரை பரிவர்த்தனையை நிறுத்தக்கூடாது.

பழைய கவுன்ட்டர்: நல்ல கேள்வி. கேஒய்சி புதுப்பிக்க குறைந்த ஆபத்துப் பிரிவுக்கு 10 வருடம், நடுத்தரத்துக்கு 8, அதிக ஆபத்துக்கு 2. அம்மா குறைந்த பிரிவு என்றால் 2024 நவம்பரில் கெடு முடிந்தது, ஒரு வருடம் சேர்த்தால் 2025 நவம்பர். அதைவிடப் பிந்தியது 2026 ஜூன் 30. அதாவது இப்போது நிறுத்தியிருக்கவே கூடாது. சிக்கல் என்னவென்றால், எந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்பதை வங்கி வெளியில் சொல்லாது. பென்ஷன் கணக்கை மேல் பிரிவில் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் புகார் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். கெடுவுக்கு முன் மூன்று, பின் மூன்று என்று அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், இரண்டு சுற்றிலும் தலா ஒன்றாவது கடிதமாக. அந்தக் கடிதங்கள் போன தேதியையும் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் `cms.rbi.org.in`.

தென்காசி_மணி: கேஒய்சி லிங்க் என்று ஏபிகே ஃபைல் அனுப்பினால் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு மாமா தொட்டார். 40,000 போச்சு.

சாத்தூர்க்காரி (நான்கு நாள் கழித்து): கிளையில் ‘கேஒய்சி டியூ, டெபிட் ஃப்ரீஸ், 2 ஜனவரி’ என்று திரையைப் பார்த்துச் சொன்னார்கள். மாற்றம் எதுவும் இல்லை என்ற சுய அறிவிப்பு போதும் என்றேன். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கணக்கில் வெறும் ‘மு.’ என்று இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று அம்மாவின் கைரேகை கேட்டார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல், மூன்று முறை வைத்தும் பதியவில்லை. கடைசியில் நகல் வாங்கிக்கொண்டு, புது எண்ணையும் அப்போதே ஏற்றினார்கள். மறுநாள் மாலை ஏடிஎம்மில் 500 எடுத்துப் பார்த்தோம், வந்தது. பிரீமியம் திரும்பியதற்குப் பிடித்த கட்டணத்தைத் தருவதைப் பற்றி மேலாளர் வாய் திறக்கவில்லை. கடிதங்கள் போன தேதியைக் கேட்டதற்கும் “பார்த்துச் சொல்கிறோம்” என்றார். புகார் நகல் கையில் இருக்கிறது.

பழைய கவுன்ட்டர்: நகலில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா பாருங்கள் அம்மா. 30 நாள் அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.