பைக்‌ஷெட்டிங்: தமிழில் ஒரு சொல் வேண்டும்

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிரலாளரின் ஆங்கிலப் பதிவைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் குழுவில் தரவுத்தளத்தையே மாற்றும் பெரிய திட்டம் ஒன்றை முன்வைத்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பொத்தானின் பெயரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார்கள். 61 பதில்கள்! இதைப் பதிவர் கோபமே இல்லாமல், முகத்தில் சிரிப்பும் காட்டாமல் சொல்லிக்கொண்டு போகிறார். சைக்கிள் கொட்டகையை வைத்து இதற்கு அவர் பயன்படுத்தும் சொல் பைக்‌ஷெட்டிங். கடைசி வரி கொட்டகையின் நிறத்தைப் பற்றி, ‘என்னைக் கேட்டால் நீலம்.’

முதலில் ‘மிதிவண்டிக் கொட்டகையாக்கம்’ என்று எழுதினேன். தம்பியிடம் படித்துக் காட்டியதற்கு, “இது ஏதாவது டெண்டர் அறிவிப்பா?” என்று கேட்டான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, பொருளும் போய்ச் சேரவில்லை. சொல்லும் வேண்டும், பதிவின் குரலும் கெடக் கூடாது. உதவுங்கள்.

செந்தில் எழுதியது:

பைக்‌ஷெட்டிங் என்றே எழுதிவிடலாமே? படிப்பவர்கள் நிரலாளர்கள், அவர்களுக்குத் தெரியும். காம்ப் என்ற டென்மார்க் நிரலாளர் 1999-ல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மடற்குழுவில் உருவாக்கிய கதை இது. அவர் கதையை மாற்ற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இராமநாதன் எழுதியது:

செந்தில், பாதி சரி. அந்த மடற்குழுவில், சொன்ன நேரம் காத்திருக்க வைக்கும் `sleep` கட்டளை வினாடியின் பின்னத்தை ஏற்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்போதுதான் பவுல்-ஹென்னிங் காம்ப் இந்தக் கதையை எடுத்துச் சொன்னார். நிரலாளர்களிடம் அது பரவியது அதன் பிறகுதான். ஆனால் கதை அவருடையது இல்லை. பிரிட்டன் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957-ல் எழுதிய புத்தகத்தில் வருவது.

ஒரு நிதிக்குழு கூடுகிறது. 1 கோடி பவுண்டு அணு உலைக்கு ஒப்புதல் தர இரண்டரை நிமிடம். 350 பவுண்டு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம். அணு உலை அங்கே உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புரியாது, அதனால் பேசாமல் இருக்கிறார்கள். கொட்டகை எல்லோருக்கும் புரியும். ‘இதில் என் பங்கும் இருக்கிறது’ என்று காட்டிக்கொள்ள ஆளாளுக்கு வாய் திறக்கிறார்கள். நாம் வைக்கும் சொல்லில் இந்தக் காரணம் தங்க வேண்டும். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குவது என்பதோடு நின்றுவிட்டால் போதாது.

கலைவாணி எழுதியது:

எங்கள் குடியிருப்பில் இதேதான் நடந்தது! லிப்ட்டையே மாற்ற வேண்டும், பல லட்சம் செலவு. “செயலாளர் பார்த்துக்கொள்ளட்டும்” என்று பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. வாசல் கேட்டுக்கு என்ன பெயிண்ட் என்பதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் போயின. லிப்ட் இப்போதும் அடிக்கடி நின்றுபோகிறது, அது வேறு கதை.

எங்கள் அம்மா இப்படிப்பட்ட இடத்தில், “ஆனையை வித்துட்டு அங்குசத்துக்குப் பேரமா” என்பார். அதையே ‘அங்குசப் பேரம்’ ஆக்கினால் என்ன? ‘அங்குசப் பேரத்தில் இறங்காதீர்கள்’ என்று வாக்கியத்திலும் உட்காருகிறது.

சிவரூபன் எழுதியது:

வணக்கம் அக்கா, அங்குசப் பேரம் வாசிக்கவே நன்றாக இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் விளங்கும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டால் எங்களுக்கும் உங்களுக்கும் சொல் வேறாகிவிடும். நீங்கள் ஸ்டாண்ட் என்பீர்கள், எங்கள் பலகைகளில் துவிச்சக்கர வண்டித் தரிப்பிடம் என்று இருக்கும், வீட்டில் கொட்டில் என்போம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்குசம் என்று வைத்தால் கடைசி வரியில் வரும் நீலத்தை என்ன செய்வது? அங்குசத்துக்கு யாரும் நீல நிறம் பூசுவதில்லையே.

இராமநாதன் எழுதியது:

சிவரூபன் கேட்டது முக்கியமான கேள்வி. ஒரு நகைச்சுவைச் சொல்லை மாற்றுவதற்கு முன்னால், அந்த உருவகம் பதிவில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் வந்து போனால் பழமொழியை வைத்துவிடலாம், இழப்பு இல்லை. இங்கே தலைப்பில் தொடங்கி கடைசி வரியில் நிறமாக முடிகிறது. அங்குசத்தை வைத்தால் கடைசி வரியையும் ‘என்னைக் கேட்டால் பித்தளைப் பூண்’ என்று மாற்றியாக வேண்டும். செய்யலாம், கெடாது.

எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் பொருளில் இருக்கிறது. பழமொழியில் வருகிறவன் ஆனையையே கொடுத்துவிட்டவன். அற்பப் பொருளில் கணக்குப் பார்க்கிறான். அதில் கஞ்சத்தனம் தெரிகிறது. புரிந்த விஷயத்தில் மட்டும் கருத்துச் சொல்கிற மனம் அதில் இல்லை. கலைவாணி குடியிருப்பின் வாசல் கேட் கதைதான் சரியான பொருத்தம். அங்கே யாரும் பேரம் பேசவில்லை, எல்லோருக்கும் நிறம் தெரிந்திருந்தது.

இன்னொன்று. தேன்மொழி, அந்த 61 பதில்கள் வரும் வரியை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? பதிவின் குரல் அங்கேதான் இருக்கிறது.

தேன்மொழி எழுதியது:

ஐயா, இப்படி எழுதியிருந்தேன்: ‘தரவுத்தள மாற்றத் திட்டத்திற்கு எந்தப் பதிலும் பெறப்படவில்லை. பொத்தானுக்கு அறுபத்தொரு பதில்கள் பெறப்பட்டன. அடேங்கப்பா!’ அடேங்கப்பா மூலத்தில் இல்லை. வரி சப்பென்று இருந்ததால் நான் சேர்த்தேன்.

இராமநாதன் எழுதியது:

சப்பென்று ஆனது சொற்களால் இல்லை, அவை நிற்கும் வரிசையால். ஆங்கிலத்தில் அந்த எண் வாக்கியத்தின் கடைசியில் விழுந்திருக்கும். தமிழில் வினை கடைசிக்குப் போய்விடுவதால் எண் நடுவில் சிக்கிக்கொண்டது. படிப்பவர் எண்ணைத் தாண்டி ‘பெறப்பட்டன’ வரை போனபிறகு சிரிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. வினையைப் பெயராக்கி முன்னால் தள்ளிப் பாருங்கள்: ‘தரவுத்தளத்தை மாற்றும் திட்டத்துக்கு ஒரு பதில்கூட வரவில்லை. பொத்தானுக்கு வந்தவை அறுபத்தொன்று.’ இப்போது அடேங்கப்பா வேண்டியதில்லை. அதைப் படிப்பவர் தாமே சொல்லிக்கொள்வார். எழுதுகிறவர் முந்திக்கொண்டால், சிரிக்காமல் சொல்லும் அந்த ஆள் காணாமல் போய்விடுவார்.

தேன்மொழி எழுதியது:

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், தம்பி சிரித்தான். நன்றி ஐயா.

சொல் விஷயத்தில் என் முடிவு இது. முதல் பத்தியில் பார்க்கின்சன் கதையை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். மூலத்தில் அது இல்லை. அந்த வாசகர்களுக்குத் தெரியும் என்று பதிவர் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ‘கொட்டகைக்குப் பெயிண்ட் அடிப்பது’ என்று எழுதினால் விளக்கம் இல்லாமலே நிற்கிறது: ‘நாங்கள் மறுபடி கொட்டகைக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கியிருந்தோம்.’ நிறமும் உள்ளேயே இருப்பதால் கடைசி வரி நீலத்தைத் தொட வேண்டியதில்லை. நம் குழுவின் கலைச்சொல் பட்டியலுக்கு மட்டும் ‘கொட்டகைப் பேச்சு’ என்று பெயராக வைக்கலாமா?

செந்தில் எழுதியது:

பெயிண்ட் அடிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒலிபெயர்ப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் கொட்டகைப் பேச்சு வேண்டாமே. எங்கள் ஊரில் கொட்டகை என்றால் சினிமாக் கொட்டகைதான். பட்டியலில் தனியாகப் பார்க்கிறவர் திண்ணைப் பேச்சு மாதிரி சினிமா அரட்டை என்று நினைப்பார்.

கலைவாணி எழுதியது:

நான் அங்குசத்தை விடுவதாக இல்லை. கஞ்சத்தனம் என்று ஐயா சொல்கிறார். எங்கள் அம்மா அதைக் கஞ்சர்களைப் பார்த்து மட்டும் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்காமல் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டபோதும் அதையேதான் சொன்னார்.

சிவரூபன் எழுதியது:

அப்படியென்றால் பட்டியலில் இரண்டையும் போட்டுவிட்டு, எந்த இடத்துக்கு எது என்று ஒவ்வோர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதலாமா? உருவகம் தொடரும் இடத்துக்குப் பெயிண்ட், ஒருமுறை வந்து போகும் இடத்துக்கு அங்குசம்.

இராமநாதன் எழுதியது:

பட்டியலில் ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்றுதான் இதுவரை வைத்திருக்கிறோம். அதை மாற்றுவதென்றால் தனி மடலில் பேசுவோம். தேன்மொழி, பதிவை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். கடைசியாக ஒன்று: ‘என்னைக் கேட்டால் நீலம்’ என்பதை ‘நீலம்தான்’ ஆக்கிவிடாதீர்கள், ஆச்சரியக்குறியும் வேண்டாம். ‘தான்’ வந்தால் அவர் உண்மையிலேயே நீலத்துக்காக வாதாடுவதாகிவிடும்.