போர்டிகோ முழுசா, அரையா? 800 சதுர அடி வீட்டுக்கு 978 சதுர அடிக்கு பில்

கும்பகோணம் தம்பி
வணக்கம். கும்பகோணம் பக்கத்துல தரைத்தளம் மட்டும் ஒரு வீடு கட்டப் போறேன். வீடு 800 சதுர அடி. மெட்டீரியலோட சதுர அடி 2,250ன்னு பேசினோம், 18 லட்சம்னு நினைச்சுட்டேன். இப்போ கான்ட்ராக்டர் கொட்டேஷன்ல 978 சதுர அடி, 22,00,500 ரூபாய்னு போட்டிருக்கார். போர்டிகோ 80, மாடிப்படி ஹெட் ரூம் 98 சேர்த்திருக்காராம். பணம் அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மெண்ட் முடிஞ்சா 20, லிண்டலுக்கு 20, தளம் போட்டதும் 25, பூச்சுக்கு 15, சாவி கொடுக்கும்போது 10. இது சரியா? வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கணும்.

கணக்கு நோட்டு
போர்டிகோவுக்கு முழு ரேட் போடுறவன் வீடு கட்ட வரலை தம்பி, வேற எதுக்கோ வந்திருக்கான். மூணு பக்கம் சுவரே கிடையாது. காத்துக்கு எதுக்கு சதுர அடி 2,250? அரைதான் போடணும். 2014ல என் வீட்டுக்கு அரைதான் போட்டேன். நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு.

நாற்பது வருச மேஸ்திரி
காத்துன்னு எழுதினவர் கையில ஒரு நாளாவது கரண்டி பிடிச்சிருப்பாரா? போர்டிகோ தூணுக்குக் குழி தோண்டணும், ஃபுட்டிங் போடணும், கம்பி கட்டணும். மேல பீம், தளம், தளத்துக்கு அடியில பூச்சு, தரையில டைல்ஸ். வீட்டுக்குள்ள இருக்கிற அத்தனையும் அங்கேயும் இருக்கு, சுவர் மட்டும்தான் இல்ல. சுவர் இல்லைன்னு பாதி காசு பிடிப்பீங்களா? முழுசுதான்.

கணக்கு நோட்டு
சுவர் மட்டுமா இல்ல? கதவு இருக்கா, ஜன்னல் இருக்கா, சமையல் மேடை இருக்கா, பாத்ரூம் குழாய் இருக்கா? ஒரே ஒரு லைட் பாயிண்ட். அதுக்கு 2,250. அரை.

கோயமுத்தூர்க்காரன்
2,250 நிலத்தோட சேர்த்தா? ரொம்ப மலிவா இருக்கே. எங்க அபார்ட்மெண்ட்ல லிஃப்ட், வராந்தா, செக்யூரிட்டி ரூம் எல்லாத்தையும் நம்ம தலையில கட்டித்தான் சதுர அடி சொன்னாங்க. நான் 1,150க்குக் காசு கொடுத்து 860க்குள்ள குடியிருக்கேன்.

நாற்பது வருச மேஸ்திரி
தம்பி தனி வீடு கேக்குறார். நீங்க லிஃப்ட்ல ஏறி இங்க வந்துட்டீங்க.

திருச்சி சைட் எஞ்சினியர்
ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி சரி. 2,250ங்கிறது சராசரி. பாத்ரூமும் சமையலறையும் உண்மையில அதுக்கு மேல போகும், பெட்ரூம் அதுக்குக் கீழ நிக்கும். சின்ன வீட்டுக்குச் சதுர அடி ரேட் ஏறுறதே அதனாலதான். 800 அடியா இருந்தாலும் 1,600 அடியா இருந்தாலும் சமையலறை ஒண்ணுதான், செலவு மட்டும் கம்மியான அடிகள்மேல விழுது. அந்தக் கணக்குல போர்டிகோ அரைக்கும் முழுசுக்கும் நடுவுல எங்கேயோ நிக்கும். எங்கேன்னு சட்டம் எதுவும் இல்ல. நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுறதுதான் கணக்கு.

ஆனா தம்பி, 80 அடில பாதி 40 அடி. 90,000 ரூபாய். உங்க பேப்பர்ல அதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. தளம் போட்ட அன்னைக்கு நீங்க கொடுத்து முடிச்சிருக்கிறது 75 சதவீதம், 16,50,375 ரூபாய். அன்னைக்கு மனையில நிக்கிறது அஸ்திவாரம், சுவர், தளம் மட்டும். தரைத்தள வீட்டுல அது மொத்தச் செலவுல பாதி, இழுத்துப் பிடிச்சா 55 சதவீதம். அதாவது 12 லட்சத்துச் சொச்சம். மீதி 4,40,000 வேலையே நடக்காம அவர் கையில இருக்கும். பூச்சு, வயரிங், டைல்ஸ், கதவு, பெயிண்ட் எல்லாத்தையும் மிச்சம் 25 சதவீதத்துல முடிக்கணும். முடியாதுன்னு அவருக்கும் தெரியும்.

நாற்பது வருச மேஸ்திரி
எஞ்சினியர் மேடத்துக்கு 90,000 சின்னக் காசு. எங்களுக்கு அது ஆறு மாசக் கூலி. சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. தளத்துக்குக் கம்பி மட்டும் ஒண்ணரை டன் கிட்ட வேணும். கம்பிக் கடைக்காரன் ரொக்கம் வைக்காம லாரியைத் திறக்க மாட்டான். சென்ட்ரிங் வாடகை, மிக்ஸர், அன்னைக்கு ஒரே நாள்ல இருபது பேருக்குக் கூலியும் சாப்பாடும். இதெல்லாம் நான் என் பொண்டாட்டி தாலியை வச்சா செய்யணும்? 25 சதவீதம் நியாயம். போர்டிகோவும் முழுசு.

திருச்சி சைட் எஞ்சினியர்
ஐயா, தளத்துக்குக் காசு முன்னால வேணும்ங்கிறது நியாயம்தான். அதை ரெண்டா உடைங்க. கம்பி கட்டி முடிச்சு ஒரு எஞ்சினியர் பார்த்ததும் 10, கான்கிரீட் போட்டதும் 10. மொத்தமே இப்படி வைக்கலாம்: அட்வான்ஸ் 5, பேஸ்மெண்ட் 15, லிண்டல் 15, தளம் ரெண்டு தவணையில 20. அங்க 55ல நிக்குது. அப்புறம் பூச்சு 15, வயரிங் பிளம்பிங் டைல்ஸ் 15, சாவிக்கு 10. கடைசி 5 மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழை ஒண்ணு பார்த்துட்டுக் கொடுங்க. தளம் ஒழுகுதான்னு மழைதான் சொல்லும்.

துபாய் ராமநாதபுரம்
மேடம் சொல்றது என் வீட்டுக் கதை. நான் இங்க, மச்சான் அங்க. தளம் போடுற வரைக்கும் தினம் வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சு. 78 சதவீதம் கொடுத்திருந்தேன். தளத்துக்குச் சென்ட்ரிங் பிரிச்ச அன்னைக்கே பலகை, முட்டு எல்லாம் வண்டியில ஏறி வேற எங்கேயோ போச்சு. அப்போவே புரிஞ்சிருக்கணும். அடுத்த வாரம் எட்டு பேர் நாலு பேர் ஆனாங்க, அப்புறம் ஒரு வயசானவர் மட்டும் வந்து தளத்துக்குத் தண்ணி விட்டுட்டுப் போனார். போன் பண்ணினா "மணல் விலை ஏறிடுச்சு, 2 லட்சம் கூடக் கொடுத்தாத்தான் பூச்சு". அடுத்த ஊர்ல புது பூமி பூஜை போட்டுட்டாராம், என் காசுல. வீடு பதினோரு மாசம் செங்கல்லா நின்னுச்சு.

நாற்பது வருச மேஸ்திரி
உங்க போர்டிகோவுக்கு முழுசா போட்டாரா, அரையா?

துபாய் ராமநாதபுரம்
ஐயா, எனக்குப் போர்டிகோவே இல்ல.

கணக்கு நோட்டு
பாருங்க, போர்டிகோ இல்லாமலே ஏமாத்தியிருக்கான். இருந்திருந்தா முழுசா போட்டிருப்பான்.

நாற்பது வருச மேஸ்திரி
வெளிநாட்டுல உக்காந்து வீடு கட்டினா இப்படித்தான். மச்சான் எத்தனை நாள் சைட்டுக்குப் போனார்னு கேளுங்க. ஊர்ல கூலியை ஏத்திவிட்டதே உங்க திர்ஹாம் காசுதான். அப்புறம் மேஸ்திரி திருடன்னு எழுதுவீங்க.

துபாய் ராமநாதபுரம்
நான் உங்களைச் சொல்லலையே. ஏன் உங்களுக்குக் கோவம் வருது?

கோயமுத்தூர்க்காரன்
மச்சானை நம்பி வீடு கட்டக்கூடாதுன்னு எங்க அப்பா சொல்வார்.

துபாய் ராமநாதபுரம்
என் மச்சானைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன இருக்கு? அவன் இல்லைன்னா அந்தச் செங்கல்லும் இருந்திருக்காது.

திருச்சி சைட் எஞ்சினியர்
தம்பி, நீங்க மட்டும் பதில் சொல்லுங்க. மனை ரோட்டை விட எவ்வளவு பள்ளம்? பேஸ்மெண்ட் எத்தனை அடி உயரம்னு எழுதியிருக்கா? செப்டிக் டேங்க், சம்ப், சுற்றுச்சுவர் இந்த 2,250க்குள்ளயா வெளியிலயா?

கும்பகோணம் தம்பி
ரோட்டை விட ரெண்டடி பள்ளம் மேடம். முன்னாடி வயலா இருந்த இடம். பேப்பர்ல "பேஸ்மெண்ட்" மட்டும்தான் இருக்கு, உயரம் இல்ல. சம்ப், செப்டிக் டேங்க் எதுவுமே எழுதலை.

திருச்சி சைட் எஞ்சினியர்
அப்போ போர்டிகோவை விடுங்க. அவர் மனசுல தரையிலிருந்து 3 அடி பேஸ்மெண்ட் இருக்கும். ரெண்டடி பள்ளத்துல 3 அடி கட்டினா வீடு ரோட்டுக்கு மேல ஒரு அடிதான் நிக்கும். அடுத்த தடவை ரோடு போடும்போது அதுவும் போயிடும். 5 அடி கேட்டீங்கன்னா சுவரும் உள்ள கொட்டுற மண்ணும் கூடும், ஆனா சதுர அடி அதே 978தான். அந்தக் கூடுதலை அவர் நடுவுல "எக்ஸ்ட்ரா"ன்னு கேப்பார், கேக்குறதுல தப்பும் இல்ல. வயல் மண் வேற. களிமண் மழையில உப்பும், வெயில்ல வெடிக்கும். கடைக்கால் எவ்வளவு ஆழம்னு குழி வெட்டிப் பார்த்துதான் சொல்லணும். உயரம், ஆழம் ரெண்டையும் அடியில எழுதி வாங்குங்க. சம்ப் எத்தனை லிட்டர், லிட்டருக்கு என்ன ரேட், சுற்றுச்சுவர் ஓடுற அடிக்கு என்ன ரேட், எல்லாம் தனி வரியா எழுதணும்.

நாற்பது வருச மேஸ்திரி
உயரம் எழுதணும்ங்கிறதுல மேடத்துக்கு முழு மார்க். நான் எப்பவும் எழுதிக் கொடுப்பேன். ஆனா போர்டிகோவை விடுங்கன்னு சொன்னா எப்படி விடுறது? கும்பகோணம் களிமண்ணுல அந்தத் தூணுக்கும் அதே ஆழம்தான் போகணும். வீட்டுத் தூணுக்கு ஒரு ஆழம், போர்டிகோ தூணுக்குப் பாதி ஆழமா? பாதி ஆழம் போட்டா ரெண்டு மழைக்காலத்துல போர்டிகோ தனியா, வீடு தனியா விரிசல் விட்டு நிக்கும். இதுக்கே முழுசு.

கணக்கு நோட்டு
பக்கத்துல 98 அடி ஹெட் ரூமுக்கும் முழுசா போட்டிருக்கான், அதைப் பத்தி மேஸ்திரி வாயே திறக்கலை.

நாற்பது வருச மேஸ்திரி
ஹெட் ரூமுக்கு நாலு சுவர் இருக்கு, உள்ள படிக்கட்டு இருக்கு. படி கட்டுறதுதான் வீட்டுலயே கஷ்டமான சென்ட்ரிங். உங்க கணக்குப்படி சுவர் இருந்தா முழுசுதானே? இப்போ பேச்சை மாத்தாதீங்க.

கணக்கு நோட்டு
நான் மாத்தலை. 2014லயும் அரை, இன்னைக்கும் அரை.

நாற்பது வருச மேஸ்திரி
2014ல உங்க போர்டிகோ கட்டின மேஸ்திரி, விட்ட பாதியை எங்க பிடிச்சான்னு உங்க நோட்டுல இருக்காது. சிமெண்ட் மூட்டையில இருக்கும்.

கணக்கு நோட்டு
இதுக்குப் பேர்தான் வாக்குமூலம். எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

கும்பகோணம் தம்பி
இன்னைக்குச் சாயங்காலம் அவரைப் பார்த்துட்டு வந்தேன். மேடம் சொன்ன தவணையைக் காட்டினேன். "இந்த மாதிரி பேங்க் மேனேஜர்கூடக் கேட்டதில்ல"ன்னு சிரிச்சார். தவணையில கை வைக்க மாட்டாராம். பேஸ்மெண்ட் உயரம் "பார்த்துக்கலாம்". ஆனா போர்டிகோவை முக்காலா போட்டுத் தரேன்னு அவரே சொல்லிட்டார், 45,000 குறையும்.

திருச்சி சைட் எஞ்சினியர்
45,000ஐ உடனே விட்டுட்டார், தவணையைத் தொடக்கூட விடலை. ஏன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிங்க தம்பி.

கணக்கு நோட்டு
முக்காலா? முக்கால்னு ஒரு கணக்கு எங்க இருக்கு? சுவர் முக்காவாசி கட்டித் தரப் போறானா?

நாற்பது வருச மேஸ்திரி
வாழ்க்கையில முதல் தடவையா கணக்கு நோட்டு சொல்றதை ஒத்துக்கிறேன், முக்கால் தப்பு. முழுசு. அந்த ஆள் உங்களுக்குப் பயந்து இறங்கினா மத்த மேஸ்திரிங்க எல்லாரும் இறங்கணுமா? தம்பி, பிளான் படத்தைப் போடுங்க. தூண் ரெண்டா நாலான்னு முதல்ல பார்ப்போம்.