கோடு நீக்கமா, கோட்டுக்களைவா?

தலவாக்கலையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கொப்பிகள் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்தன. அவர் நெடுங்காலம் அதன் செயலாளராக இருந்தவர். எல்லாம் கடையில் விற்கும் கோடு போட்ட அப்பியாசக் கொப்பிகள். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, எழுத்துணரியிடம் கொடுப்பதற்கு முன்னர் நீலக் கோடுகளை எடுத்துவிடப் பார்க்கிறேன். செய்வதையெல்லாம் தமிழிலேயே குறித்து வருகிறேன். இந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் "வரி நீக்கம்" என்று எழுதினேன். பத்திரிகை படிக்கும் எவருக்கும் அது அரசாங்கத்தின் வரியாகத்தான் தோன்றும். மேலும் வரி என்றால் எழுதிய வரியும்தானே. ஆகவே இப்போது "கோடு நீக்கம்" என்று வைத்திருக்கிறேன். அதிலும் மனம் அமையவில்லை. ஏனென்றால் நான் நீக்கியது கோட்டை மட்டுமல்ல.

ஒரு பக்கத்தில் ஏறக்குறைய எல்லா வரியும் "50 சதம் கட்டப்பட்டது" என்று முடிகிறது. படத்தில் இரு கோடுகளுக்கு இடைவெளி 92 பிக்செல். கோட்டின் தடிப்பு 3 பிக்செல், பேனைக் கீற்றின் தடிப்பு 8. படத்தை மை, தாள் என்று இரண்டாகப் பிரித்த பின்னர், கிடையாக 60 பிக்செலுக்குக் குறையாமல் ஓடுவதெல்லாம் கோடு என்று கொண்டேன்:

```
k = cv2.getStructuringElement(cv2.MORPH_RECT, (60, 1))
kodu = cv2.morphologyEx(mai, cv2.MORPH_OPEN, k)
mai = cv2.subtract(mai, kodu)
```

ப, ட இரண்டும் தட்டையான அடி உடைய எழுத்துகள். "கட்டப்பட்டது" என்ற சொல்லின் எட்டு எழுத்துகளில் ஆறு இந்த இரண்டும்தான். ஒரு ப தனியே நின்றால் அதன் அடி 40 பிக்செல் நீளம். கோட்டின் மீது படிந்த பகுதி மட்டும் போய், அடி மெலிந்தாலும் மிஞ்சுகிறது. ஆனால் தாத்தா வேகமாக எழுதுபவர். அவர் கையில் "ட்டப்பட்ட" முழுவதும் ஒரே அடியாக 200 பிக்செலுக்கு மேல் இழுபடுகிறது. நிரல் அதைக் கோடு என்றே எடுத்துக்கொண்டது. மிச்சம் என்னவென்றால், ஒரு க, அதன் பின் நட்டுவைத்த குச்சிகள், கடைசியில் ஒரு து. இதற்குக் "கோடு நீக்கம்" என்று பெயர் வைக்க எனக்குக் கூசுகிறது.

பண்டாரவளையிலிருந்து:

வணக்கம் தங்கச்சி. நிரலைச் சுற்றி வளைத்துவிட்டீர்கள். கோடு வெளிர் நீலம், எழுத்து கறுப்பு. நிறத்தைப் பார்த்துப் பிரித்தால் வேலை முடிந்தது. எழுத்து கோட்டின் மீது படிந்திருந்தாலும் அந்த இடத்தில் மேலே இருப்பது கறுப்பு மைதான். அது கறுப்பாகவே தெரியும், எந்த எழுத்தும் அறுபடாது. எங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பியை அப்படித்தான் சுத்தம் செய்தேன்.

பெயரைப் பொறுத்தவரை "கோடு நீக்கம்" போதும். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு சொல் எல்லா நுணுக்கத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

நுவரெலியாவிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அன்புடையீர், எழுத்தை ஊடறுத்துச் செல்லும் கோட்டை நீக்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீக்க வேண்டாம். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரு மாணவன் ஒரு சொல்லை அடித்துவிட்டு அருகில் வேறு சொல் எழுதியிருந்தால், அடித்த கோடும் அவனுடைய விடையின் பகுதிதான். சங்கக் கொப்பியிலும் ஒருவர் பெயரை அடித்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அவர் தோட்டம் மாறிப் போயிருக்கலாம், அல்லது இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். கோட்டை எடுத்துவிட்டால் போனவர் மீண்டும் உறுப்பினராகிவிடுவார். இதற்குச் சொல் தேடுவதற்கு முன்னர், செய்யலாமா என்று யோசியுங்கள்.

ஹட்டனிலிருந்து:

வணக்கம். ஆசிரியர் ஐயா, தங்கை கேட்பது கொப்பியில் அச்சாகி வந்த கோடுகளைப் பற்றி. கையால் அடித்த கோடு அல்ல. ஆனாலும் நீங்கள் சொன்னது இங்கே மிகவும் பொருந்துகிறது. அந்தப் பெயரின் நீளம் 60 பிக்செலைத் தாண்டி, அடித்த கோடும் கிடையாக ஓடினால், மேலே உள்ள மூன்று வரி நிரல் அதையும் எடுத்துவிடும். அடித்த பெயர்கள் சத்தமில்லாமல் உயிர்பெறும். தங்கை, உங்கள் பக்கங்களில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி. பண்டாரவளை அண்ணன் சொன்னது கறுப்புப் பேனைக்கு முற்றிலும் சரி. அங்கே அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நீலப் பேனையால் எழுதிய பக்கத்தில் கோடும் மையும் ஒரே நிறக் குடும்பம். இன்னொன்றும் உண்டு. கைப்பேசி சேமிக்கும் `.jpg` படங்களில் வெளிச்சம் முழு நுணுக்கத்துடன் பதிவாகும். நிறம் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதி நுணுக்கத்தில்தான் பதிவாகும். 3 பிக்செல் தடிப்புள்ள ஒரு கோட்டின் நிறம் பக்கத்தில் இருப்பதோடு கலந்துவிடுகிறது. கீற்றும் கோடும் சந்திக்கும் இடத்தில்தான் நமக்கு நிறம் தேவை. அங்கேதான் அது நம்பத்தகாததாக இருக்கிறது. தங்கை, தாத்தாவின் பேனை என்ன நிறம்?

கறுப்பு இல்லையென்றால், நீளத்தை அளப்பதை விட்டுவிட்டுத் தடிப்பை அளந்து பாருங்கள். கோடு ஓடும் பாதையில் ஒவ்வொரு பிக்செலிலும் நின்று, அந்த இடத்தில் மை மேலிருந்து கீழாக எத்தனை பிக்செல் தொடர்ந்து இருக்கிறது என்று எண்ண வேண்டும். வெறும் கோடு என்றால் 3 அல்லது 4 வரும். ப-வின் அடி கோட்டின் மேல் படிந்திருந்தால் 8, 9, 10 வரும். து-வின் கீழ்வளைவு கோட்டை வெட்டி இறங்கும் இடத்தில் இன்னும் கூடுதலாக வரும். 5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மட்டும் அழியுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். எழுத்துகள் எத்தனை நீளமாக ஒட்டிக்கொண்டு ஓடினாலும் அடி போகாது. வெட்டும் இடத்தில் இடைவெளியும் விழாது. அடித்த கோடும் பேனைத் தடிப்பில் இருப்பதால் தப்பிவிடும்.

பாதையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நம் மலையக ஈரத்தில் பழைய தாள் அலையலையாக நெளிந்திருக்கும். கட்டோரத்தில் வளைந்து இறங்கும். 3 பிக்செல் தடிப்புள்ள கோடு 20க்கு 1 என்ற சரிவைத் தாண்டினாலே, 60 பிக்செல் நீளக் கிடைத்துண்டு அதற்குள் அடங்காது. பக்கத்தின் நடுவில் கோடு போய்விட்டு ஓரத்தில் மட்டும் மிஞ்சியிருந்தால் காரணம் இதுதான். பக்கத்தை 100 பிக்செல் அகலமுள்ள நெடும்பட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டியிலும் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்டு, அடுத்த பட்டியோடு தொடுத்துச் செல்லுங்கள். எழுத்துக்கு அடியில் கோடு மறைந்துபோனால் 92 என்ற இடைவெளியை வைத்து இருக்க வேண்டிய இடத்தை ஊகிக்கலாம்.

சொல்லுக்கு வருகிறேன். "நீக்கம்" என்பதில் நீங்குவது மட்டும் தெரிகிறது. காக்க வேண்டியது தெரியவில்லை. களை பிடுங்குகிறவர் தேயிலைக் கன்றின் தூரில் கை வைக்கமாட்டார். "களைதல்" என்று சொன்னாலே பக்கத்தில் ஒரு பயிர் நிற்கிறது என்பது புரிந்துவிடும். "கோடுகளைவு" என்று வைக்கலாமா?

நுவரெலியாவிலிருந்து:

கேள்வியைத் தவறாக வாசித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல் விடயத்தில் என்னைப் பேச விடுங்கள். "களைவு" மிக நல்ல தெரிவு. அதைக் "கோடு" என்பதோடு அப்படியே சேர்த்து எழுதக் கூடாது. "கோடுகளைவு" என்பதைப் பார்க்கிற கண் "கோடுகளை" என்று வேற்றுமை உருபோடு நிறுத்திவிட்டு, மீந்த "வு" என்ன என்று தடுமாறும். "கோடுகளைதல்" இன்னும் மோசம். நெடில்தொடர்க் குற்றியலுகரம் இங்கே டகரம் இரட்டிக்கும்: கோட்டை, கோட்டில், கோட்டுச்சித்திரம் என்று சொல்கிறோம் அல்லவா? அந்த வழியில் "கோட்டுக்களைவு" என்று எழுதுங்கள். ட்டு வந்ததும் பன்மை மயக்கம் போய்விடும்.

பண்டாரவளையிலிருந்து:

ஐயா, "கோட்டுக்களைவு" என்று முதன்முறை கேட்பவருக்கு என்ன விளங்கும்? விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் சொல்லால் என்ன பயன்? நான் "கோடு நீக்கம்" என்றே எழுதப்போகிறேன். நிறத்தைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கணக்குக் கொப்பி முழுவதும் கறுப்புப் பேனை.

தலவாக்கலையிலிருந்து:

தாத்தா எழுதியது நீலப் பேனை. ஹட்டன் அண்ணன் சொன்னபடி தடிப்பை அளந்து செய்தேன். அதே வரியில் "கட்டப்பட்டது" முழுதாக நிற்கிறது. ஆறு எழுத்துகளின் அடியும் இருக்கிறது. பழைய நிரல் தந்த பக்கங்களையும் திரும்பிப் பார்த்தேன். அடித்த பெயர்கள் இரண்டு, அடிக்காதவை போல வந்திருந்தன. ஆசிரியர் ஐயா கேள்வியைத் தவறாக வாசித்திருக்காவிட்டால் அவை அப்படியே பட்டியலில் சேர்ந்திருக்கும்.

ஒரு சிக்கல் புதிதாக வந்தது. கீற்றைத் தொடும் இடத்தில் கோட்டின் சிறு துணுக்குகள் மிஞ்சுகின்றன. சில கீற்றோடு ஒட்டியிருக்கின்றன, சில தனியே நிற்கின்றன. தனியே நிற்பவற்றைச் சிறு புள்ளி துடைக்கும் வழக்கமான முறையால் துடைத்தேன். 80 பிக்செல் பரப்புக்குக் குறைந்ததெல்லாம் போகட்டும் என்று விட்டேன். மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் கூடவே போய், "கட்டப்பட்டது" "கடடபபடடது" ஆகிவிட்டது. தாத்தாவின் புள்ளி ஏறக்குறைய 8க்கு 8, அதாவது 64 பிக்செல். துணுக்குகள் 30ஐத் தாண்டவில்லை. வரம்பை 40க்குக் குறைத்ததும் புள்ளிகள் திரும்பிவிட்டன. இது இந்தக் கையெழுத்துக்கும் இந்தப் படத்துக்கும் உரிய கணக்கு.

என் குறிப்புகளில் "கோட்டுக்களைவு" என்று எழுதிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் "அச்சுக் கோட்டை நீக்கி எழுத்தைக் காப்பது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பண்டாரவளை அண்ணனுக்காக. கூடவே இரண்டு சிறு சொற்கள் தேவைப்பட்டன. து இறங்குவது போல எழுத்து கோட்டைக் கடந்தால் "கோட்டு வெட்டு". ப அமர்வது போல கோட்டோடு ஒன்றிக் கிடந்தால் "கோட்டுப் படிவு". நமது எழுத்தில் இரண்டாவதுதான் அதிகத் தொல்லை தருகிறது என்பதால் பிரித்துச் சொல்வது அவசியமாக இருக்கிறது. "படிவு" மண் படிவு போலக் கேட்கிறது என்றால் வேறு சொல் தாருங்கள்.

கடைசிக் கொப்பியில் பென்சிலால் எழுதிய பதினொரு பக்கங்கள் இருக்கின்றன. அங்கே கீற்றும் 3 பிக்செல், கோடும் 3 பிக்செல். தடிப்பை அளந்து பயனில்லை. ப-வின் அடி எங்கே முடிந்து கோடு எங்கே தொடங்குகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எனக்கே தெரியவில்லை. இரு பக்கமும் நட்ட கீற்று இருந்தால் நடுவில் அடி இருக்க வேண்டும் என்று ஊகித்து வரையலாம். ஆனால் அப்படி வரைந்தால் "பா" என்ற இடத்திலும் "ப", "ா" இரண்டுக்கும் நடுவே ஓர் அடி விழுந்துவிடுகிறது. அந்தப் பக்கங்களை இப்போதைக்குக் கோட்டோடு வைத்துக்கொண்டு கையால் தட்டெழுதி வருகிறேன். அறுந்த கீற்றை இப்படி ஊகித்து இணைப்பதற்கு "கீற்றிணைப்பு" என்று குறித்திருக்கிறேன். செய்து முடிக்காத வேலைக்கு வைத்த பெயர் என்பதால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.