நெய் விளக்கு ஏத்தினா சிலிங் கருத்துப் போகுது, உதவி

மீனா_சிப்புட்:
வணக்கம். சுங்கை சிப்புட்ல புது வீட்டுக்கு வந்து 4 மாசம். சாமி மேடைக்கு மேல சிலிங்ல கரி, ஹால் முழுக்க வாடை. நல்ல நெய்தான் ஊத்துறேன். ஏன் இப்படி? தீபாவளிக்கு மாமியார் வர்றாங்க, அவசரம்.

லயத்துவாசி:
மேடை திறந்த இடமா, கதவு போட்ட அலமாரியா? திரி எவ்வளவு நீட்டி விடுறீங்க? காத்தாடி ஓடுமா? சூடம் காட்டுறீங்களா?

பட்டர்வொர்த்_அக்கா:
நெய்ல கலப்படம்மா. நல்லெண்ணெய்க்கு மாறுங்க, புகையே வராது.

செம்பனை_ராஜு:
எங்க வீட்ல விளக்கு பாதியிலேயே அணைஞ்சு போகுது. திரி நனைஞ்சா இப்படி ஆகுமா?

பழைய_ஆள்:
மாசத்துக்கு ரெண்டு தடவை இதே கேள்வி. தேடிப் படிக்க மாட்டீங்களா? நெய்யோ நல்லெண்ணெயோ, நீளத் திரி புகையத்தான் செய்யும். அடிப்படை இது.

மீனா_சிப்புட்:
மர அலமாரி, கண்ணாடிக் கதவு. பூஜை நேரத்துல பாதி சாத்தியிருக்கும், நேர் மேலே காத்தாடி. திரி அரை விரல் நீளம். சூடம் காலையும் மாலையும் 3 வில்லை. அதைச் சொல்லணுமா?

லயத்துவாசி:
அதைத்தான் முதல்ல சொல்லணும்! பழைய ஆள் சொன்ன திரி விஷயம் சரி, ஆனா பாதிக் கதைதான். சூடத்துக்குச் சுடர் நல்லா இருந்தாலும் கரி வரும், அதோட குணம் அப்படி. விளக்கு அப்படியில்லை. சுடர் ஆடாம, குட்டையா எரிஞ்சா கரி ரொம்பக் கம்மி. காத்தாடி ஆட்டினா நெய் முழுசா எரியாம கரி கக்கும். கதவைச் சாத்தினா காத்துப் போறாது, அதே கதைதான்.

சோதிச்சுப் பாருங்க. காத்தாடியை அணைச்சு, கதவைத் திறந்து, திரியை நெய்க்கு மேல நெல்லு அளவு மட்டும் விட்டு ஏத்துங்க. எவர்சில்வர் கரண்டியோட அடிப்பக்கத்தை ஒரு சாண் மேலே அரை நிமிஷம் பிடிங்க. துடைச்சிட்டு, சூடத்துக்கு மேலயும் அதே மாதிரி. கைப்பிடி சுடும், துணி சுத்திக்குங்க.

பட்டர்வொர்த்_அக்கா:
சூடம் இல்லாம பூஜையா? எங்க பாட்டி காலத்துல லயத்து வீட்ல இப்படிக் கேட்டதே இல்லை.

பழைய_ஆள்:
லயத்து வீட்ல சிலிங்கே கிடையாதேக்கா, தகரக் கூரை. கருத்தா யாரு பார்த்தா?

பட்டர்வொர்த்_அக்கா:
தகரமா இருந்தாலும் நாங்க வருஷா வருஷம் துடைப்போம். உங்க வீட்டைச் சொல்லாதீங்க.

கோலகங்சார்_தாத்தா:
வாடை அந்துருண்டை மாதிரியா? அப்படின்னா அந்துருண்டைச் சரக்கு கலந்திருக்கலாம், அந்தச் சூடத்தை உடனே தூக்கிப் போடும்மா. ரத்தச் சிவப்பணு சீக்கிரம் உடையுற ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தை வீட்ல இருந்தா ரொம்ப எச்சரிக்கை. என் பேரனுக்கு இருக்கு, டாக்டர் அந்துருண்டை கிட்டயே போகக் கூடாதுன்னார்.

செம்பனை_ராஜு:
என் விளக்கு?

லயத்துவாசி:
ராஜு, திரியைக் காய வச்சு, எண்ணெய்ல ஊறவிட்டு ஏத்துங்க. மீனா, சிலிங்கை ஈரத்துணியால தேய்க்காதீங்க, கரி பரவிடும். முதல்ல காஞ்ச பஞ்சால ஒத்தி எடுங்க, அப்புறம்தான் சோப்புத் தண்ணி.

மீனா_சிப்புட்:
பார்த்தாச்சு. விளக்குக்கு மேல பிடிச்சது லேசா மஞ்சள்தான். சூடத்துக்கு மேல பிடிச்சது கன்னங்கரேல். இப்போ ஒரு வில்லை, அதுவும் வாசல்படில. கரி பாதி போச்சு. வாடை மட்டும் இன்னும் இருக்கு. மாமியார் வந்துட்டாங்க, அப்புறம் எழுதுறேன்.