14,000 சொல் சாப்டரை 4,500 சொல் கட்டுரையாக்குவது எப்படி?

யாழினி:
தர்மபுரி மாவட்டக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு, இதுதான் என் ஆய்வேட்டின் நான்காம் சாப்டர். 14,000 சொல் இருக்கிறது, அதில் 5,000 லிட்ரேச்சர் ரிவ்யூ மட்டும். சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸுக்கு அனுப்ப ஆசை. அங்கே 4,500 சொல்தான், ஆய்வுமுறை கடைசியில் வர வேண்டும் என்கிறார்கள். கைடோ லிட்ரேச்சர் ரிவ்யூவில் கைவைக்காதே என்கிறார். எங்கிருந்து வெட்டத் தொடங்குவது?

மேட்டூரான்:
குழம்பவே வேண்டாம். எல்லாப் பகுதியையும் மூன்றில் ஒரு பங்காக்குங்கள். ரிவ்யூ 5,000 என்றால் 1,600, மற்றதும் அதே கணக்கு. மிச்சத்தைத் துணைக்கோப்பில் போட்டுவிடலாம், அதற்கு வரம்பு கிடையாது. 4,500-ஐத் தாண்டினால் எடிட்டர் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிவிடுவார், அதை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

கல்லும்நீரும்:
மேட்டூரான், அந்த ஜர்னலின் வழிகாட்டியை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். 4,500 என்பது முதன்மை உரைக்கு மட்டும். சுருக்கம், ஆய்வுமுறை, மேற்கோள் பட்டியல், படக்குறிப்புகள் எதுவும் அதில் சேராது. ஆய்வுமுறைக்குத் தனியாக 1,500, சுருக்கத்துக்கு 200. இதையும் பரிந்துரை என்றுதான் எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் கண்டிப்பான வரம்பு இல்லை. முன்னுரை, முடிவுகள், விவாதம், கடைசியில் ஆய்வுமுறை என்ற வரிசையும் அப்படித்தான், கட்டாயமில்லை.

யாழினி, வெட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தச் சாப்டர் எதை நிறுவுகிறது? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

யாழினி:
மூன்று இருக்கிறது சார். எந்த ஒன்றியத்தில் ஃப்ளோரைடு அதிகம் என்ற வரைபடம், கோடைக்கும் மழைக்குப் பிந்தைய காலத்துக்கும் உள்ள வித்தியாசம், அப்புறம் கால்சியம் குறைந்த கிணறுகளில்தான் ஃப்ளோரைடு ஏறுகிறது என்பது.

கல்லும்நீரும்:
அப்படியானால் மூன்றாவதுதான் உங்கள் கட்டுரை. வரைபடம் ஒரு படமாக உள்ளே வரட்டும், பருவ வித்தியாசம் அதற்குச் சான்றாக நிற்கட்டும். முடிவு இது என்று தெரிந்துவிட்டால் எதை வெட்டுவது என்ற கேள்வியே பாதி தீர்ந்துவிடும். கால்சைட் படிந்து நீரிலிருந்து கால்சியம் குறையும்போது பாறையிலுள்ள ஃப்ளோரைட் என்ற கனிமம் இன்னும் கரைய இடம் கிடைக்கிறது, நீரில் ஃப்ளோரைடு ஏறுகிறது. இந்த வாதத்துக்குத் தேவைப்படாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வேட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் ரிவ்யூவில் என்னென்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன். பல் கறை, எலும்புப் பாதிப்பு பற்றிச் சில பக்கம். மாநிலவாரியாக எங்கெங்கே ஃப்ளோரைடு இருக்கிறது என்று ஒரு நீண்ட பகுதி. நல்கொண்டா முறை போன்ற நீக்கும் வழிகள். கடைசியில்தான் பாறைக்கும் நீருக்கும் இடையில் நடப்பது. சரியா?

யாழினி:
அப்படியே இருக்கிறது சார்!

கல்லும்நீரும்:
நீக்கும் வழிகள் முழுவதையும் எடுத்துவிடுங்கள், உங்கள் கட்டுரை எதையும் நீக்கவில்லை. உடல்நலம் இரண்டு வாக்கியம் போதும்: உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி., இந்தியத் தர நிர்ணயம் 1.0-ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5-ஐ அனுமதிக்கும் அளவாகவும் வைத்திருக்கிறது. மாநிலப் பட்டியலிலிருந்து தென்னிந்தியக் கடினப்பாறைப் பகுதிகளை மட்டும் எடுங்கள். அங்கேயும் ஆய்வேட்டில் "இன்னார் இதைக் கண்டார், இன்னார் அதைக் கண்டார்" என்று ஆளுக்கொரு பத்தி இருக்கும். கட்டுரையில் இப்படி வரலாம்: "கடினப்பாறைப் பகுதிகளில் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் ஃப்ளோரைடு கூடுவது பலமுறை காட்டப்பட்டுள்ளது, ஒரே கிணற்றில் பருவத்துக்குப் பருவம் இந்த உறவு நிற்கிறதா என்பதே இங்கே கேள்வி." முதல் பாதிக்கு ஐந்தாறு மேற்கோள் சேர்த்தால் முடிந்தது. முன்னுரை மொத்தமும் 700 சொல்லுக்குள் அடங்கிவிடும்.

பழஞ்சுவடி:
இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் வரலாற்றுத் துறை. என் சாப்டரைக் கட்டுரையாக்கியபோது முந்தைய ஆய்வுகளை இப்படித்தான் ஒரு வரியாக்கினேன். ரிவ்யூவர் "இந்த விவாதமே ஆசிரியருக்குத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார். யார் என்ன சொன்னார், அதில் நான் எங்கே மாறுபடுகிறேன் என்பதே எங்களுக்கு வாதம். யாழினியின் கைடு சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கல்லும்நீரும்:
உங்கள் துறைக்கு அது சரிதான் அம்மா. யாழினிக்கு வாதம் தரவில் இருக்கிறது.

மேட்டூரான்:
பழஞ்சுவடி சொல்வதில் ஒரு பாதி இங்கேயும் பொருந்தும் சார். ரிவ்யூவராக வருபவரே அந்தப் பகுதியில் வேலை செய்தவராக இருப்பார். அவருடைய கட்டுரை இல்லையென்றால் கேட்கத்தான் செய்வார். அதனால் ரிவ்யூவில் வெட்டியதைத் தூக்கி எறியாமல் விவாதப் பகுதிக்கு நகர்த்தச் சொல்வேன்.

கல்லும்நீரும்:
இது நல்ல யோசனை, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறவை மட்டும் விவாதத்துக்குப் போகட்டும். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் கால்சியத்துக்கும் ஃப்ளோரைடுக்கும் இதே எதிர்மறை உறவைக் கண்டிருந்தால் அது விவாதத்தில் வர வேண்டியது. காணாமல் போயிருந்தால் கண்டிப்பாக வர வேண்டியது.

துணைக்கோப்பில்தான் எனக்குத் தயக்கம். கிணறுவாரியான பகுப்பாய்வு அட்டவணை அங்கே போகலாம். ஆனால் அயனிச் சமநிலைப் பிழை ±5 சதவீதத்துக்குள் இருந்தது என்ற வாக்கியத்தை அங்கே ஒளிக்காதீர்கள், நீர்வேதியியல் ரிவ்யூவர் முதலில் தேடுவது அதைத்தான். அயனித்தேர்வு மின்முனையால் அளந்தீர்கள் என்றால் டிசாப் தாங்கல் கரைசல் சேர்த்ததையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அலுமினியமும் இரும்பும் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். ஆய்வேட்டில் அதற்கு ஒரு பக்கம் போயிருக்கும், இங்கே அந்த ஒரு வரி போதும்.

யாழினி:
வரிசைதான் இன்னும் புரியவில்லை. ஆய்வுமுறையை வெட்டிக் கடைசியில் ஒட்டிவிட்டால் போதாதா?

கல்லும்நீரும்:
ஒட்டிவிட்டு முடிவுகளின் முதல் பத்தியைப் படித்துப் பாருங்கள். "மேற்கூறிய கிணறுகளில் இரண்டாம் சுற்றில்" என்று தொடங்கும். எந்தக் கிணறுகள், எது இரண்டாம் சுற்று? படிப்பவர் இன்னும் ஆய்வுமுறைக்கே வரவில்லை. அதனால் முடிவுகளின் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் புதிதாக வேண்டும்: எத்தனை கிணறு, எந்தப் பாறை, எந்த இரு பருவம். சுருக்கக்குறிகளையும் முதலில் வரும் இடத்திலேயே விரித்தெழுத வேண்டும், அந்த இடம் இப்போது மாறிவிட்டது. பட எண்களும் அப்படித்தான். மாதிரி எடுத்த இடங்களின் வரைபடம் முடிவுகளிலேயே முதலில் சுட்டப்படுவதால் அதுவே படம் 1.

மேட்டூரான்:
இவ்வளவு மாற்றுவதற்குப் பதில் ஆய்வுமுறையை முன்னால் வைக்கும் ஜர்னலுக்கே அனுப்பலாமே. நீங்களே கட்டாயமில்லை என்றுதானே சொன்னீர்கள்?

கல்லும்நீரும்:
அனுப்பலாம். அங்கேயே முன்னால் வைத்தும் அனுப்பலாம். பின்னால் வைத்தால் அவர்கள் சொல்லும் 1,500 தனிக்கணக்கு தெளிவாக நிற்கும், எனக்கு அது வசதி.

பழஞ்சுவடி:
ஒன்று விட்டுப்போச்சு. ஆய்வேடு சோத்கங்காவில் ஏறிவிட்டால் அதே வாக்கியங்கள் ஒப்புமைச் சோதனையில் சிவப்பாக வருமே?

கல்லும்நீரும்:
வரும். பல ஜர்னல்கள் ஆய்வேட்டை முன் வெளியீடாகக் கருதுவதில்லை, ஆனாலும் அனுப்பும் கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது. யாழினி, ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டதா?

யாழினி:
இல்லை சார், இன்னும் சில மாதம் இருக்கிறது. நேற்று முன்னுரையை 720-க்குக் கொண்டுவந்து கைடுக்கு அனுப்பினேன். நீக்கும் வழிகளை எடுத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. பருவ வித்தியாசத்தை மட்டும் பிரித்து இன்னொரு கட்டுரையாக்கு என்கிறார்.

மேட்டூரான்:
பிரியுங்கள், ஒன்றுக்கு இரண்டாகும்.

கல்லும்நீரும்:
பருவத்தை எடுத்துவிட்டால் உங்கள் முன்னுரையின் கேள்விக்கே பதில் இல்லாமல் போகும். அதே கிணறுகள், அதே தரவு. இரண்டும் ஒரே ரிவ்யூவரிடம் போனால் என்ன எழுதுவார் என்று கைடிடமே கேட்டுப் பாருங்கள்.